எல்லோருக்கும் ஒரே சான்றிதழ்

பாலக்காட்டில் ஒரு சின்ன இயந்திரப் பட்டறைக்கு நான் நிர்வாக அதிகாரி. மேசையும் முத்திரையும் இருந்ததால் அதிகாரி. வேலையை விட்டுப் போகிற எல்லோருக்கும் பழைய அனுபவச் சான்றிதழ் ஒன்றில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் கொடுப்பேன். சோம்பல்தான், வேறு காரணம் கிடையாது.

அப்படி வாங்கிப்போன ஒரு பெண் ஒரே மாதத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னா சார், ஆறு வருசம் மைக்ரோமீட்டர் புடிச்சேன். ஹெல்பர், நாலு வருசம்னு எழுதிக்கிறீங்க. தொடப்பம் புடிச்சியானு பெங்களூர்ல கேக்குறான்."

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பயிற்சியில் இருந்த முதல் இரண்டு வருடத்தை நான் விழுங்கியிருந்தேன். பயிற்சிக் காலத்தையும் வேலைக் காலத்தையும் தனித்தனித் தேதிகளோடு எழுதினேன். பாகங்களை அளந்து சரிபார்த்ததையும், புதியவர்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்ததையும் சேர்த்தேன்.

"சூப்பர்வைசர்னு போடுங்களேன் சார்."

"போன் பண்ணிக் கேட்டா நான்தாம்மா முழிக்கணும். 'பொறுப்பை நம்பி ஒப்படைக்கலாம்'னு போடறேன். அது நெசம்."

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது போதும் சார். நாளைக்கு வேற கம்பெனில இன்டர்வியூ. அந்த பெங்களூர் கம்பெனிதான் போச்சு."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.