விழுந்தது எது, நிற்பது எது

நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்காரர்கள் சங்கம் மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு மடல் போடுகிறது. ஏழு பக்கம் விளம்பரமும் பொன்னாடை போர்த்திய படங்களும். மிச்சமிருக்கும் ஒரு பக்கம்தான் உஷாராணியுடையது. கோழி வளர்ப்பைப் பற்றி எங்காவது ஓர் ஆய்வு வந்தால், அதைப் படித்து, பண்ணைக்காரருக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கித் தருவது அவள் வேலை.

திருச்செங்கோட்டுக்காரி. விலங்கியல் படித்துவிட்டுப் பதினோரு வருஷம் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவி, மாதிரி அரைத்து, எந்திரத்தில் எண் பார்த்தவள். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியோடு வருஷத்தில் பாதி வடக்கே இருப்பார். தனியாக இருந்து இருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: மனதுக்குள் எல்லோரையும் திட்டுவது. சங்கத்தாரைத் திட்டுவாள், தலைப்பை மட்டும் படித்துவிட்டு 'அருமை' என்று எழுதி அனுப்புகிறவர்களைத் திட்டுவாள். அதில் பெரும்பாலும் நியாயமும் இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒருநாள், சங்கச் செயலாளர் தீனதயாளன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம்; அதன் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. கூடவே அவர் குரல்: "மக்காச்சோளத்துல பூஞ்சை நஞ்சு, டெஸ்ட் பண்ணுங்க, டெஸ்ட் பண்ணுங்கன்னு பயமுறுத்துனாங்களே, அந்த ஆய்வே பொய்யினு பத்திரிகைக்காரனே வாபஸ் வாங்கிட்டானுங்க. இனி நிம்மதியாச் சோளம் எறக்குங்க."

தீனதயாளன் மக்காச்சோள வியாபாரி. அவருக்கு நிம்மதி வந்ததில் வியப்பில்லை. நாற்பது பேர் கை கூப்பினார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவராவது அறிவிப்பைத் திறந்து பார்த்திருந்தால் உஷாராணி அவருக்குக் கோயில் கட்டியிருப்பாள்.

அரைமணி நேரத்தில் மல்லசமுத்திரத்திலிருந்து அங்காளம்மாள் கூப்பிட்டார். ஆறாயிரம் முட்டைக்கோழி வைத்திருப்பவர். போன வருஷம் கெட்டுப்போன சோளத்தால் ஒரு கொட்டகைக் கோழியைப் பறிகொடுத்தவர்.

"ஏஞ்சாமி, நாளைக்கு லோடு வருது. டெஸ்ட்டுக்குக் குடுக்கறதா, வேண்டாமா? செயலாளரு வேண்டாங்கறாரே."

"நான் படிச்சுட்டுச் சொல்றனுங்க அக்கா. அதுவரைக்கும் எறக்காதீங்க."

அறிவிப்பு இரண்டே பத்திதான். உஷாராணி அதை மூன்று தடவை படித்தாள். ஆய்வில் இரண்டு வேலை நடந்திருந்தது. முதல் வேலை, அறுபது குடோன்களில் சோள மாதிரி எடுத்து நஞ்சை அளந்தது. இரண்டாவது, நஞ்சைக் கட்டிப்போடும் 'டாக்சின் பைண்டர்' பொடியைத் தீவனத்தில் கலந்து ஒரு கூட்டம் கோழிக்கும், கலக்காமல் இன்னொரு கூட்டத்துக்கும் போட்டு முட்டையை எண்ணியது. பொடி தின்ற கோழி அதிகம் இட்டது என்பதுதான் கட்டுரையின் பெரிய முடிவு. விழுந்தது அந்த முடிவு. பண்ணையில் வழக்கமாகச் சேர்க்கும் வைட்டமின் கலவையிலேயே பைண்டர் இருந்திருக்கிறது. அதனால் 'பொடி போடாத' கூட்டமும் பொடி தின்றிருக்கிறது. பிற்பாடு பதிவேட்டைப் பார்த்த ஆய்வாளர்களே பத்திரிகைக்கு எழுதித் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சோளத்தை அளந்தது தீவனம் கலப்பதற்கு முன்பே. அந்த எண்களுக்குப் பழுதில்லை என்றும் அறிவிப்பே சொல்லியிருந்தது.

ஆய்வு செய்தவர்களிடம் மூன்று முனைவர் பட்டம். தீவனம் கலக்கிற ஆளிடம் 'இந்த மூட்டையில் என்னப்பா இருக்கிறது' என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. உஷாராணி அவர்களையும் தன் திட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு தன் மார்ச் இதழ்ப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். 'பைண்டர் போட்டால் கவலையில்லை' என்று அவளே தலைப்பு வைத்திருந்தாள். சோளத்தில் நஞ்சு இருந்த எண்கள் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தன. எண் சலிப்புத் தரும், நல்ல செய்தி முன்னால் இருக்கட்டும் என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் வந்தது.

அன்று மதியமே எழுதி முடித்தாள். தீனதயாளன் எதையும் கீழேயிருந்துதான் வெட்டுவார். அதனால் விழுந்ததையும் நிற்பதையும் முதல் இரண்டு வரிக்குள் வைத்தாள்:

'சோளத்தைப் பரிசோதிப்பதை நிறுத்தாதீர்கள்: அறுபது மாதிரியில் இருபத்துமூன்று, கிலோவுக்கு இருபது மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டின; அந்தக் கணக்கு நிற்கிறது. பைண்டர் போட்டால் முட்டை கூடும் என்ற முடிவு விழுந்துவிட்டது. மார்ச்சில் நான் அப்படி எழுதியதை நம்பாதீர்கள். போடாத கூட்டத்துக்கும் பைண்டர் போயிருந்ததால் ஒப்பிட வழியில்லை. பைண்டர் வீண் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை; உதவுமா உதவாதா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இருபத்துமூன்று என்பதும் அந்த அறுபது குடோன் கணக்கு. உங்கள் லோடில் என்ன இருக்கிறது என்று பரிசோதனைதான் சொல்லும்.'

தீனதயாளன் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னுங்க மேடம், 'ஆய்வு வாபஸ்'னு ஒரு வரி போட்டாப் போதாதுங்களா? பக்கத்துல எடமில்ல."

"ஏழு பக்கம் இருக்குதுங்களே."

"நீங்களே தப்பா எழுதீட்டேன்னு போடறீங்க. மடலுக்குத்தானுங்களே அசிங்கம்?"

"அசிங்கந்தானுங்க. போடுங்க. போடலைன்னா அந்தப் பக்கம் வெள்ளையா வரட்டும்."

மடல் வர இன்னும் பத்து நாள் இருந்தது. சோளம் பத்து நாள் காத்திருக்காது. எழுதியதை அப்படியே குழுவில் போட்டாள். முப்பத்தைந்து பேர் கை கூப்பினார்கள். தீனதயாளனுக்குக் கூப்பிய அதே கைகள்.

அங்காளம்மாள் மட்டும் படித்தார். மறுநாள் விடிகாலையில் வந்த லாரியை வாசலிலேயே நிறுத்தி, பத்துப் பதினைந்து மூட்டையில் குத்தி மாதிரி எடுத்துக் கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார். காலை பத்து மணிக்கெல்லாம் எண் வந்தது: நாற்பத்தாறு. லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

உஷாராணிக்கு மாலை நான்கு மணி வரை சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது: திரும்பிய லாரி குடோனுக்கா போயிருக்கும்? அங்காளம்மாளைக் கேட்டாள். அவர் ஓட்டுநரை விசாரித்துச் சொன்னார்: ராசிபுரம் பக்கம் சுவாமிநாதன் பண்ணை.

அவன் நேற்று அவள் எழுதியதற்கு முதல் ஆளாகக் கை கூப்பியவன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவனுக்குப் போன் போட்டாள்.

"சுவாமிநாதா, சோளத்த எறக்கீட்டயா?"

"எறக்கி அரைச்சாச்சுங்க அக்கா. மத்தியானத் தீவனமும் போட்டாச்சு."

"நிறுத்து. அந்தச் சோளத்துல நஞ்சு நாற்பத்தாறு இருக்குது. மிச்சத்தப் போடாதே, தனியா வை. நேத்து நான் எழுதுனதப் படிக்கவே இல்லையா நீ?"

"நேத்துதுங்களா? நீளமா இருந்துச்சுங்க, அப்புறமாப் படிச்சுக்கலாம்னு உட்டுட்டனுங்க." அவன் குரலில் பயம் ஏறியது. "ஆனா மார்ச்சுல நீங்க எழுதுனத முழுசாப் படிச்சனுங்க அக்கா. வெட்டித் தீவன ரூம்புல ஒட்டி வெச்சிருக்கேன். பைண்டர் போட்டாக் கவலையில்லைன்னு நீங்க சொன்னீங்கல்ல? அதைப் போட்டுத்தானுங்க கலந்தேன்."

அவள் போனிலேயே குழுவைத் திறந்தாள். பிறகு நேற்று எழுதியதை முதல் வரியிலிருந்து மெதுவாக அவனுக்குப் படித்துக் காட்டினாள். கேட்டு முடித்துவிட்டு அவன், "இதையே அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான்.

அன்று இரவு வரை உஷாராணி யாரையும் திட்டவில்லை.