உட்கார்ந்தபடியே ஏறிய நாடித்துடிப்பு

திருப்பதியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சில மாதங்களாகத் தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. பக்கத்து இருக்கைத் தோழி நாடித்துடிப்பு காட்டும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தந்தாள். "ஒரு நாள் கட்டிக்கினு பாருக்கா."

மறுநாள் சாயங்காலம் அவள் போனில் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்தோம். நான் நாற்காலியில் இருந்த நேரமெல்லாம் கோடு தாழ்வாக, லேசான நெளிவுகளோடு ஓடியது. நடுநடுவே ஒடுக்கமான மேடுகள்.

"இது நீ டீக்குப் போய்க்கினு வந்தது. இது மாடிக்குப் போனது. உக்காந்ததும் சட்டுனு இறங்கிடுச்சு பாரு. மத்தியானம் இவ்ளோ நேரம் எங்கக்கா நடந்துக்கினு இருந்த?"

அந்த மேடு அகலமாக இருந்தது; மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் கீழே நடையைக் காட்டும் பட்டை அங்கே காலி. மேலாளர் என் மேசைக்கு எதிரே நின்று எல்லோர் முன்பும் கத்திய நேரம் அது. தலைகுனிந்து வேலை செய்துகொண்டே இருந்தேன். அது என்னைத் தொடவில்லை என்றே நினைத்திருந்தேன்.

"நடக்கலை. அவர் கத்தினாரே, அப்போ."

அவள் போனை அணைத்துவிட்டு என் பையையும் எடுத்துக்கொண்டாள். "ஆட்டோ வேணாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கினே போலாம், வா."

கால்கள் கனத்தன. இருந்தாலும் எழுந்தேன்.