அண்ணன் வளர்த்த தாடி

பீடியால் என் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. மூச்சு சரியானால் முடி காணிக்கை தருவதாகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்தார். ஒருநாள் மூச்சு முட்டவே, உத்திரமேரூரிலிருந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புதிதாக வந்திருந்த காற்று மிஷினின் மாஸ்க்கை முகத்தில் இறுக்கிக் கட்டினார்கள். தாடி வழியே காற்று வெளியே சீறியது.

"தாடிய எடுத்தாதான் காத்து உள்ள போகும்" என்றார் டாக்டர். "அவரு முழிச்சிருந்து, சளிய இருமித் துப்ப முடியிற வரைக்கும்தான் இது உதவும்."

அண்ணன் மாஸ்க்கைத் தள்ளி, "சாமி கோச்சிக்கும்டா" என்றார்.

"நீ மூச்சு வுட்டாதான அண்ணா மல ஏறுவ? பெருமாளுக்குத் தெரியாதா இன்னா?" என்றேன்.

அண்ணன் சரியென்று தலையாட்டினார். மழித்த முடியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன்.

மாஸ்க் பொருந்தியது. இரைப்பு தணிந்து, பசிக்கிறதென்று சைகை காட்டினார். பெருமாளைக் கும்பிட்டேன்.

மறுநாள் சளி பெருகியது. இருமத் தெம்பில்லை, கண் செருகியது, கூப்பிட்டாலும் விழிக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றித் தொண்டையில் குழாய் போட்டார்கள். அப்படியும் பிழைக்கவில்லை.

வருஷம் திரும்பியதும் மலைக்குப் போய், அந்த முடிச்சைச் செலுத்தினேன். பசி என்று அண்ணன் சைகை காட்டிய அந்த ஒரு பொழுதுக்காக.