அறுபதில் ஒன்று குறைந்தது

எனக்குக் கோபம் வந்தால் கண்ணும் தெரியாது, எதிரே இருப்பவர் யாரென்றும் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக டாக்குமென்ட் பார்க்கிறேன். அங்கே வாய் இல்லாவிட்டால் ஒரு கன்டெய்னரும் வெளியே வராது. ஆனால் அந்த வாய் ஒரு சனிக்கிழமை ஏரல் வரைக்கும் பஸ் ஏறிப் போய் என்னைத் தலைகுனிய வைத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் மொத்தமும் பேங்கில் டெபாசிட்டாகக் கிடந்தது. அதில் ஒரு பகுதியையாவது மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அவர் மசியவில்லை. நான் மட்டும் என் சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் வீதம் ஐந்து வருடமாக எஸ்.ஐ.பி. கட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதியானால் பணம் தானாக பேங்கில் கழியும். ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் சேர்த்துவிட்டார். அவர் அதற்கென்று பரீட்சை எழுதி, பதிவு வாங்கி, கடையின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு அந்த வேலையும் பார்க்கிறவர்.

"ஏளா, அஞ்சு வருசம்னா அறுபது மாசம். பேங்குல கழிஞ்ச அறுபதும் அங்க யூனிட்டா ஏறியிருக்கான்னு ஒண்ணுக்கொண்ணு காட்டு. சரியா இருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்" என்றார் வீட்டுக்காரர்.

"இம்புட்டுதானா?" என்றேன். எனக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி.

மாப்பிள்ளையூரணி வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒழித்து, ஒரு பக்கம் பாஸ்புக்கை விரித்தேன். மறுபக்கம் மெயிலில் வந்த ஸ்டேட்மென்ட், பிரின்ட் எடுத்தது. அவர் பாஸ்புக்கை வாசித்தார், நான் ஸ்டேட்மென்டில் டிக் போட்டேன். ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"பேங்குல அஞ்சாயிரம். இங்க நாலாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்பது ரூபா எழுவத்தஞ்சு காசு. பாத்தியா, கால் ரூவாயைக் காணோம்!"

"அது முத்திரை வரிங்க. ஸ்டேட்மென்ட்லயே கீழ தனி வரியா இருக்கு, கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"பத்தாந்தேதி கழிச்சிட்டு பன்னெண்டாந்தேதி யூனிட்டு குடுத்திருக்கான்?"

"பணம் அவன் கைக்குப் போய்ச் சேந்த நாளோட விலைதான். நடுவுல லீவு வந்தா இன்னும் தள்ளும். கப்பல் வந்த அன்னைக்கேவா சரக்கு வெளிய வருது?"

ஒரு மாதத்தை எடுத்து, ஒரு யூனிட்டின் அன்றைய விலை 61.284 என்று போட்டிருந்தது, அதால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். செல்போனில் வகுத்தார். 81.583 யூனிட். ஸ்டேட்மென்டிலும் அதுவே. "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வர முப்பது வருடக் குடித்தனம் தேவைப்பட்டது.

இப்படியே டிக் டிக்கென்று போய்க்கொண்டிருந்தது. மகள் கல்யாணம் நடந்த தை மாதத்துக்கு வந்தோம். பாஸ்புக்கில் பத்தாம் தேதி ஐயாயிரம் கழிந்திருக்கிறது. ஸ்டேட்மென்டில் அந்த மாதமே இல்லை. முந்தின மாதம் இருக்கிறது, அடுத்த மாதம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. கடைசிவரை எண்ணினோம். கழிந்தது அறுபது. யூனிட் ஏறியது ஐம்பத்தொன்பது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. "ஒங்க அண்ணாச்சி வேற யார் கணக்குலயோ ஏத்திவிட்டுட்டாரோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு ஏறிவிட்டது. பணம் பேங்கிலிருந்து நேரே ஃபண்டுக்குப் போகிறது, அண்ணாச்சி கைக்கு வருவதே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கோபத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? என் பேச்சைக் கேட்டு அலுவலகத்தில் நாலு பேர் அவரிடம் சேர்ந்திருந்தார்கள். அவர் பேர் கெட்டால் என் பேரும் சேர்ந்து கெடும். அதைவிட, அவரை நான் உண்மையிலேயே அண்ணனாக நினைத்திருந்தேன். அதுதான் வலித்தது.

மறுநாள் சனிக்கிழமை. பாஸ்புக்கையும் ஸ்டேட்மென்டையும் மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலம் தாண்டும்போதே என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திவிட்டேன்.

கடையில் இரண்டு பேர் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைக் கண்டதும், "வா தங்கச்சி, என்ன இந்த வெயில்ல? கலர் குடிக்கியா?" என்றார்.

"கலரும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். என் ஐயாயிரத்தை யாருக்குக் கெட்டுனிய? அத மொதல்ல சொல்லுங்க!"

குத்துவிளக்கு பார்த்தவர்கள் விளக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பின்கட்டிலிருந்து மதினி, அண்ணாச்சியின் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அறுபது, ஐம்பத்தொன்பது, நம்பிக்கை, மோசடி என்று என்னென்னவோ கத்தினேன்.

அண்ணாச்சி கல்லாவைப் பூட்டினார். "உள்ள வா, பாப்போம்" என்று மேசைக்குக் கூட்டிப்போனார். எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றவர் முகம் மாறியது. "வெள்ளத்துக்கு அடுத்த மாசம்."

கல்யாணத்துக்கு முந்தின மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்து அவர் கடையில் ஆள் உயரத்துக்கு நின்றது. பாத்திரத்தோடு கம்ப்யூட்டரும் போயிற்று. இரண்டு மூன்று மாதம் அவர் மெயிலே பார்க்கவில்லை. இப்போது புது லேப்டாப்பில் பழைய மெயில்களைத் தோண்டி, ஒரு பட்டியலைத் திறந்தார்.

"இந்தா, கெடச்சிட்டு. அந்த மாசம் ஒனக்குக் கே.ஒய்.சி. நிறுத்தி வச்சிருக்கான். மெயில் ஐ.டி. சரிபாக்காம கெடந்திருக்கு. பணம் போயிருக்கு, யூனிட் குடுக்க முடியாதுன்னு தள்ளிட்டான். அடுத்த மாசம் ஃபண்டுக்காரன் போன்ல சொல்லவும் வீட்டுக்கு வந்து ஓ.டி.பி. வாங்கிச் சரிபண்ணிக் குடுத்தேன்லா, ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்தியே ஒரு தவணை தள்ளுபடியானது எனக்கே தெரியாது. பாக்காம விட்டது என் தப்புதான்."

"சரி, தள்ளுன பணம் எங்க?"

"கழிச்ச அக்கவுண்டுக்கே திரும்பிரும். வேற எங்கயும் போகாது. பதினேழாந்தேதி அனுப்பியிருக்கான், இது பேங்கு ரெஃபரன்ஸ் நம்பர். ஒம் பாஸ்புக்கக் குடு."

கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். பதினேழாம் தேதி. வரவு ஐயாயிரம். அனுப்பியவர் பேர் இல்லை, 'எம்.எஃப்.' என்று இரண்டு எழுத்து, அப்புறம் ஒரு நீள நம்பர். நம்பர் இரண்டும் அச்சாக ஒன்றுதான். நான் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்று: தொகையைப் பார்த்துப் பொருத்தாதே, நம்பரைப் பார்த்துப் பொருத்து. வீட்டில் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ.

ஆனால் அண்ணாச்சி நம்பரைப் பார்க்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து. 'ஏரல் அண்ணாச்சி மொய்.'

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கல்யாணம் முடிந்து மொய் நோட்டைச் சரிபார்த்தபோது அண்ணாச்சி பேர் மட்டும் இல்லை. வந்தார், சாப்பிட்டார், நானே பார்த்தேன். அதே வாரம் பேங்கில் பேரில்லாமல் ஐயாயிரம் வந்திருந்தது, எம்.எஃப். என்ற எழுத்தோடு. மியூச்சுவல் ஃபண்டு அண்ணாச்சியைத் தவிர வேறு யார் அப்படி அனுப்புவார்கள் என்று பெரிய புத்திசாலி மாதிரி முடிவு கட்டி, பென்சிலில் குறித்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் பேத்திக்குக் காதுகுத்து. ஐயாயிரம் செய்தவருக்குக் கூட வைத்துத்தானே திருப்பிச் செய்ய வேண்டும்? ஆறாயிரத்தொன்று கவரில் போட்டுக் கொடுத்தேன்.

"தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "நான் ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதல."

பாஸ்புக்கை என் பக்கம் இழுத்தேன். அவர் விரலை எடுக்காமலே சொன்னார்:

"கையில ஒண்ணுமில்ல அப்போ. வராம இருக்கவும் மனசு கேக்கல. வெறுங்கையோட வந்து சாப்ட்டுட்டு, மொய் மேசை இருந்த பக்கமே போகாம வெளிய போயிட்டேன்."

மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காதுகுத்து அன்னைக்கு ராத்திரி ஒங்க கவரைப் பிரிச்சோம். ஆறாயிரத்தி ஒண்ணு. நாம ஒரு ரூவா எழுதாம வந்தோம், அந்தம்மா நம்ம நெலமை தெரிஞ்சு, வெளிய காட்டிக்கிடாம செஞ்சிருக்குன்னு இவுக அழுதுட்டாக. பந்தல்காரனுக்குக் குடுக்க அதுதான் இருந்துச்சு. நாங்க ரெண்டு வருசமா ஒங்கள அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கோம்."

இப்போது நான் அழுதேன். என் பெருந்தன்மை எப்பேர்ப்பட்டது என்று அந்தப் பென்சில் எழுத்து மூன்று பேருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டது. "மதினி, நான் ஒண்ணும் தெரிஞ்சு செய்யல. ஒங்களுக்கு ஐயாயிரம் வரவுன்னு தப்பா எழுதி, கணக்குக்குத் திருப்பிச் செஞ்சேன். அது நல்ல மனசு இல்ல, கிறுக்குத்தனம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். என் வாய் இருக்காதே.

மதினி ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு பொங்கிச் சிரித்தாள். அண்ணாச்சியும் சிரித்தார். குத்துவிளக்கு பார்க்க வந்தவர்கள் விஷயம் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார்கள். கத்தினபோது நின்று கேட்டவர்கள், இதையும் கேட்டுப் போகட்டும் என்று அவர்கள் முன்னாலேயே அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியாம செஞ்சாலும் அன்னைக்கு எங்களுக்கு ஒதவுச்சுல்லா" என்றாள் மதினி.

அண்ணாச்சி கல்லாவைத் திறந்து நோட்டை எண்ண ஆரம்பித்தார். அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் ஏறிவிட்டது. "உள்ள வைங்க அண்ணாச்சி! மொய்ய இப்படியா கடையில வச்சுத் திருப்புவாக? எம் பையனுக்குக் கல்யாணம் வரும்லா, அப்போ நோட்டுல எழுதுங்க. இப்ப கலர் வாங்கிக் குடுங்க, தொண்டை வறண்டு கெடக்கு."

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாஸ்புக்கை வாங்கி, கழிந்த ஐயாயிரத்தையும் திரும்பி வந்த ஐயாயிரத்தையும் தானே டிக் பண்ணினார். ஐம்பத்தொன்பது யூனிட்டில், ஒன்று வரவில். அறுபதும் சரி.

"ஃபாரத்தை எடு" என்றார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கணக்கு சரியா இருந்ததாலயா போடுதிய?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா நீ எழுதிவச்சதப் பாத்துட்டு, நான் மொய்யக் கையில குடுத்தேன், நோட்டுல விட்டுட்டாகன்னு சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம் அந்த மனுசன். நான் மொய் எழுதலன்னு அவர் வாயாலயே சொன்னாரு பாரு" என்றார். "அவர்கிட்ட போடலாம்."