மூன்று எடைக்கற்கள்

டாக்டர், நீர் அந்தத் தராசைச் சோதிக்காமலே என் வீட்டுக்குக் கொடுத்தீர்.

ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் நீர் எடுத்த தராசு அது. ஏறி நின்றால் முள் பவுண்டு காட்டும். என் மனைவிக்குச் சாயங்காலம்தோறும் ஜுரம். மார்ச்சில் ஆஸ்பத்திரித் தராசில் தொண்ணூற்றாறு பவுண்டு இருந்தாள். "வாராவாரம் எடை பாரும். நன்றாகக் குறைந்தால்தான் நெஞ்சுப் படம் எடுக்க அனுப்புவேன்" என்றீர்.

பாத்ரூம் தராசு என்று நீர் சொன்னதால் பாத்ரூமிலேயே வைத்தோம். மயிலாப்பூரில் எந்த வீட்டுக் குளியலறையிலும் தரை ஜலதாரைப் பக்கம் சரிந்துதான் இருக்கும். தராசு ஆடியது. முள் எண்பத்தொன்பதிலும் தொண்ணூற்றிரண்டிலும் மாறி மாறி நின்றது. கட்டட வேலை பார்க்கிற எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ரசமட்டத்தை எடுத்துவந்து கூடத்தில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்ற இடத்துக்குத் தராசை மாற்றினேன். அவள் எத்தனை முறை ஏறினாலும் தொண்ணூற்றுமூன்று.

"மூன்று பவுண்டுதானே? ஜுரத்தில் அது சகஜம்" என்றீர். படம் வேண்டாம் என்றீர்.

அந்த வாரம் கை கழுவும்போது அவள் வளையல் தானாகக் கழன்று விழுந்தது. "காத்தடிச்சா பறந்துருவேன் போல. உங்க தராசுக்கு மட்டும் நான் குண்டு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரிக்கடைக்குப் போய், சர்க்கார் முத்திரை போட்ட இருபத்தெட்டு பவுண்டுக் கற்கள் மூன்று கேட்டேன்.

"இன்னா மேஸ்திரி, ஊட்ல கரிக்கட வைக்கப் போறியா?"

"பொஞ்சாதி எடை பாக்கணும்."

"அத்தக் கட்டிக்கினப்பவே பாத்துருக்கணும் நைனா!" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் தானே கற்களை வண்டியில் ஏற்றி, கூடவே வீட்டுக்கும் வந்தான்.

வெறும் தராசில் முள் சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அதனால்தான் இத்தனை நாள் நம்பினோம். ஒரு கல்லைப் பலகையின் நடுவில் வைத்தேன். முப்பத்தொன்று. இரண்டு வைத்தேன். அறுபத்திரண்டு. பாரம் ஏற ஏறப் பொய்யும் ஏறியது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மூன்றாவது கல்லையும் வைத்தபோது கரிக்கடைக்காரன் குனிந்து முள்ளைப் பார்த்தான்.

"தொண்ணூத்தி மூணு காட்டுது. கல்லு மூணும் சேந்து எம்பத்தி நாலுதானே?"

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்பத்துநாலுதான் தன் நிஜ எடை என்று அவளுக்குத் தெரியும். கற்களை இறக்கிவிட்டு மறுபடி மறுபடி வைத்தேன். மாறவில்லை. பன்னிரண்டு பவுண்டு போயிருக்கிறது. நாங்கள் மூன்று என்று நினைத்து உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளே உம்மைக் கேட்காமல் படம் எடுத்தோம். இரண்டு நுரையீரலிலும் க்ஷயம் பரவியிருந்தது. முன்பே வந்திருக்கலாமே என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவளைப் புதைத்தேன்.

தராசைத் திருப்பிக் கொடுத்தபோது கற்களின் கணக்கைச் சொன்னேன். தலையாட்டினீர். இப்போது அது இருமுகிற பெண் இருக்கும் இன்னொரு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டாரும் நம் மாதா கோயிலுக்குத்தான் வருகிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில், அவர்கள் முன்னால், எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லும்: அந்தத் தராசு பொய் சொல்லும் என்று தெரிந்துதானே இவர்களுக்குக் கொடுத்தீர்?