மாடம்மாள் இரும்பு விட்ட தடம்

மாடம்மாளப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல அவ சந்தேகத்தப் பத்திச் சொல்லணும். ஆரியசாலையில நான் டீக்கடை போட்டு எத்தனையோ பேருக்கு ஆத்திக் குடுத்திருக்கேன். டம்ளர மூக்குக்கிட்டக் கொண்டுபோயி மோந்து பாத்துட்டுக் குடிக்கிறவ இவ ஒருத்திதான். "பொன்னம்மை, நேத்துள்ள பாலா பிள்ளே?"ன்னு கேப்பா. எனக்கு வரும் பாருங்க ஆத்திரம்! "ஆமாட்டி, வெஷம் கலந்தது. குடி"ம்பேன். குடிச்சிருவா.

அவளுக்கு வேலை, உடைஞ்ச பிளாஸ்டிக் வாளி, குடம் எல்லாத்தையும் சுட்டு ஒட்டிக் குடுக்கது. என் கடைக்கு எதுத்தாப்புல ராஜையனோட பிளாஸ்டிக் சாமான் கடை. அந்தக் கடையோட பக்கச் சுவர ஒட்டி ஒரு கரியடுப்பு, ஒரு சாக்கு நெறைய பழைய வாளித் துண்டு, மரப்பிடி போட்ட ஒரு சப்பட்டை இரும்பு. அவ்வளவுதான் அவ கடை. ஒட்ட வழியில்லாததுன்னு அவ தள்ளிவிட்டா, ஆளு நேரா ராஜையன்கிட்டப் போயி புது வாளி வாங்குவான். அதனால அவனும் இவள சுவரோரம் இருக்க விட்டிருந்தான். இல்லன்னா அவன் எங்க விடப் போறான்!

வேலையிலயும் அதே சந்தேகம். வாளியக் கையில வாங்கினதும், "இதுல யாரு கைவச்சது?"ன்னுதான் ஆரம்பிப்பா. எவனாவது பசையத் தேச்சுக் கொண்டுவந்திருந்தா தொலைஞ்சான். வாளிப் பிளாஸ்டிக்குல பசை பிடிக்காது. மேல தோலு மாதிரி நின்னு உரிஞ்சு வந்திரும். அத மொத்தமும் சுரண்டி எடுத்து, கழுவி, ஈரம் போகத் தொடச்சு வெயில்ல வச்சாத்தான் அடுப்பப் பக்கம் கொண்டுபோவா. விரிசல் முடியுத ரெண்டு நுனியிலயும் பழுக்கக் காஞ்ச ஊசியால ஒவ்வொரு ஓட்டை போடுவா. புதுசா வாறவங்க, "ஐயோ, வாளிய ஓட்டையாக்குதாளே!"ன்னு கத்துவாங்க. அந்த ஓட்டை போடலன்னா விரிசல் மேல மேல ஓடிக்கிட்டே இருக்கும், கேட்டேளா. பெறகு இரும்ப வச்சு ரெண்டு கரையையும் உருக்கி ஒண்ணாச் சேத்து, அதே இனத்துத் துண்டு ஒண்ண வெட்டி, அதோட அடியையும் வாளியோட முகத்தையும் ஒரே சமயம் எளகவச்சு அமுக்குவா. ஓரமெல்லாம் சுத்திச் சுட்டுவிட்டு, தன்னால ஆறுகது வரைக்கும் தொட விடமாட்டா.

துண்டுலயும் நம்பிக்கை கெடையாது. பழைய சாமான் பெறக்குத ஆக்கர்காரன் கொண்டாந்து போடுத துண்ட ஒரு சட்டித் தண்ணியில போட்டுப் பாப்பா. மெதந்தா வாளி இனம். முங்கினா பைப்பு இனம். "பைப்ப வாளியில ஒட்டினா நாளைக்கே பேந்துவரும், சுட்டா கண்ண எரிக்கும். என்ன ஏமாத்தவா பாக்கே?"ன்னு அவன் மூஞ்சியிலயே வீசுவா. பைப்புன்னா சூடே காட்ட மாட்டா. அதுக்குன்னு உள்ள பைப்புப் பசையும் மூட்டுல மாட்டுத உறையும் வாங்கிட்டு வான்னு ராஜையன் கடைக்குக் கை காட்டுவா.

அவ இரும்புக்கு ஒரு அடையாளம் உண்டு. ஒரு தடவ கல்லுல விழுந்து பல்லு போன மாதிரி மொனையில ஒரு துண்டு தெறிச்சுட்டு. அத வச்சு அமுக்கினா, பல்லு போன எடத்துல மட்டும் பிளாஸ்டிக் அரிசிமணி போல எழும்பி நிக்கும். நாங்க குடியிருக்குத லைன் வீட்டு வரிசையில எந்த வீட்டு வாளியக் கவுத்தினாலும் அந்த மணி இருக்கும்.

வீட்டுல அவளும் புருஷன் தளவாயும் மட்டுந்தான். தளவாய் அண்ணன் சாலைக் கம்போளச் சந்தையில மூட்டை சொமந்த ஆளு. இடுப்பு, நடுவு ஒடிஞ்சு வீட்டோட கெடப்பாயிட்டாரு. மெதுவா எழும்பி சுவரப் பிடிச்சு நடப்பாரு, டீ போடுவாரு, வேற ஒண்ணும் முடியாது. அவங்க இருந்த முறி, ஒத்தை ரூம்பு வீடு, லைன்ல மொதல்ல இருந்துச்சு. வாசல்ல இருந்து கைநீட்டினா லைனுக்கெல்லாம் பொதுவான தண்ணிப் பைப்பு.

அந்தப் பைப்புதான் எல்லாத்துக்கும் காரணம். தொண்ணூத்தேழோ எட்டோ, நல்ல வெயில் காலம். தண்ணி வெளுப்புக்கு, கெழக்கு வெளுக்குத நேரம் வரும், கொஞ்ச நேரத்துல நின்னுபோகும். அதனால முந்தின நாளு சாயந்திரமே எல்லாரும் வாளியக் கொண்டுபோயி பைப்படியில வரிசையா வச்சிருவோம். வாளி நின்னா ஆளு நின்ன மாதிரி. பெறகு எல்லாரும் லைன்ல இருக்க மலையாளத்துக்காரி அம்மிணி வீட்டு டிவியில சீரியலுக்குப் போயிருவாங்க. அந்நேரம் லைன்ல ஈ காக்கா இருக்காது. மாடம்மாள் மட்டும் போக மாட்டா. "ஓசிக்கு டிவி காட்டுதான்னா என்னமோ இருக்கு"ம்பா. என் கடைக்கு வந்து டம்ளர் கழுவிக்கிட்டே ஊர்க்கதை பேசுவா.

அந்த வருஷம் அவளுக்கு வேலை செத்துப்போச்சு. மலிவு விலைக்குப் புது வாளி வந்து குவிஞ்சுட்டு. ராஜையன் கடை முன்னாடி சிவப்பும் நீலமுமாத் தொங்கும். இவ அடுப்பப் பத்தவச்சுட்டு வெறுதே இருப்பா. கரிகூட நட்டம்.

திடீர்னு ஒரு நாளு காலையில பைப்படியில ஒரு வாளி ஒழுகிச்சு. ரெண்டு நாளு கழிச்சு இன்னொண்ணு. பெறகு ஒரு குடம். எல்லாம் அடிவட்டத்துல, ஒரு வெரல் நீளம். எல்லாம் மாடம்மாள்கிட்ட வந்துச்சு, சந்தேகத்துல அவ ஒண்ணையும் ஒட்டாம வச்சிருந்தா. மூணாவதா வந்த குடத்த வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எந்திரிச்சுட்டா.

"இது வெடிச்சதில்ல. வெடிச்சா கரை வெளுக்கும், கோடு கோணலா ஓடும். இது நேரா இருக்கு, கரை உருண்டு மினுங்குது. எவனோ எதையோ சுட்டு வச்சுக் கீறியிருக்கான்."

கீறினது யாரு? அவளுக்கு யோசிக்கவே வேண்டாம். நேரா ராஜையனப் பாத்து, "புது வாளி விக்கணும்னா இப்படியா ஓய்?"ன்னு நடுத்தெருவுல கேட்டுட்டா. அவன் கணக்க விட்டுட்டு எறங்கி வந்தான்.

"என் சுவத்துல சாஞ்சு இருந்துக்கிட்டு என்னையே சொல்லுதியா? ஓட்டை வாளியெல்லாம் எங்கிட்டயா வந்துச்சு? ஒங்கிட்டல்லா வந்துச்சு!"

அதுக்குள்ள லைனே கூடிட்டு. அம்மிணிதான் வாயத் தொறந்தா. "அது சரியாணு கேட்டோ. சூடு வச்சுக் கீறணும்னா இரும்பு வேணும். லைன்ல இரும்பு யாருகிட்ட இருக்கு மாடம்மா?"

சந்தேகப்பட்டே வாழ்ந்தவள லைன் பூராவும் சந்தேகமாப் பாக்குது. ஆனா அவ அசரல. கீறின வாளிய எல்லாரு முன்னாடியும் தூக்கிப் பிடிச்சா.

"நல்லாப் பாருங்க. என் இரும்பு தொட்டா மணி விழும். இதுல மணி இருக்கா? குடத்துல இருக்கா? எதுலயாவது என் மணி இருந்தா சொல்லுங்க, அடுப்பத் தூக்கிட்டு நானே போறேன். ராஜையன் வெரட்ட வேண்டாம்."

எல்லாரும் வாங்கி வாங்கிப் பாத்தாங்க. ஒரு கீறல்லயும் மணி இல்ல. அம்மிணி மொகம் சுருங்கிட்டு. ராஜையன், "சொன்ன சொல்லு மறக்காம ஓர்ம இருக்கட்டு"ன்னுட்டுக் கடைக்குள்ள போனான். மாடம்மாள் ராணி கணக்கா அடுப்படியில வந்து இருந்தா. அன்னைக்கு என் டீய மோந்துகூடப் பாக்கல. வீட்டுல போயி இந்தச் சண்டையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. வெளியில நடக்கதப் புருஷன்கிட்டச் சொல்லி அவரு நோவக் கூட்டக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு கொள்கை.

மூணு நாளு ஒண்ணும் நடக்கல. நாலாவது நாளு வெளுப்புக்கு அம்மிணி வீட்டுக் கறுத்த வாளி ஒழுகிச்சு. அது சும்மா வாளியில்ல, சிமெண்டு சொமக்கவே ஆகும், அவ்வளவு கட்டி. அம்மிணி அதத் தூக்கிக்கிட்டு லைன் பூராவையும் கூட்டிக்கிட்டு வந்தா. ராஜையன் அப்பத்தான் பூட்டத் தொறந்துக்கிட்டு நின்னான்.

மாடம்மாள் வாளிய வாங்கிக் கவுத்தினா. பெருவெரலால கீறல் மேல தடவினா. வெரலு ஒரு எடத்துல நின்னுட்டு. நானும் எட்டிப் பாத்தேன். கீறல் தொடங்குத எடத்துல, இரும்ப மொதல்ல வச்சு அமுக்கின எடத்துல, அரிசிமணி.

முந்தின நாளு சாயந்திரம் சீரியல் முடியுத வரைக்கும் இவ என் பக்கத்துல நின்னு டம்ளர் கழுவினா. இரும்பு அவ வீட்டுல கெடந்துச்சு. அப்போ?

மாடம்மாள் தல நிமிந்து, கொஞ்சம் தள்ளி லைன் முனையில இருந்த அவ முறிப் பக்கம் பாத்தா. வாசல்ல தளவாய் அண்ணன் கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மொகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. வாயத் தொறந்தாரு.

அவரு பேசுகதுக்கு முன்ன இவ சொல்லிட்டா. "நான்தான் செஞ்சேன்."

"பொய்!"னு நான் கத்தப் போனேன். என் கைய அவ ஒரு கிள்ளு கிள்ளினா பாருங்க, இன்னைக்கும் வலிக்குது. அம்மிணி வாயில வந்ததெல்லாம் பேசினா. இவ தல குனியவும் இல்ல, மறுத்துப் பேசவும் இல்ல. அடுப்பப் பத்தவச்சா. கறுத்த வாளிக்கு கட்டியான கறுத்த துண்டாத் தேடி எடுத்து ஒட்டினா. ஆறவச்சு, தண்ணி நெறச்சு, அடியில காஞ்ச காகிதத்த வச்சு நனையலன்னு அம்மிணிக்குக் காட்டினா. பெறகு அடுப்புத் தணலக் கொட்டி அணச்சா. சாக்கத் தோள்ல போட்டா. ராஜையன் போன்னு சொல்லவே இல்ல. சொல்லாமலே போயிட்டா.

நான் வெறி பிடிச்ச மாதிரி பின்னால ஓடினேன். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? நீ எங்கூட இருந்தேன்னு நான் சொல்ல மாட்டேனா?"

"சொன்னா? பெறகு வீட்டுல யாரு இருந்தான்னு கேப்பாங்கல்லா," அவ மெதுவாச் சொன்னா. "அவரு நடுவுல ஒருத்தன் கைவச்சா அவரு எந்திரிக்க மாட்டாரு. என்ன யாரும் அடிக்க மாட்டாங்க."

வீட்டுக்குள்ள பேசினது எனக்கு வெளிய கேட்டுச்சு. அவரு அழுதுகிட்டே சொன்னாரு. "நீ அடுப்ப வச்சுட்டு சும்மா இருக்கிறதப் பாக்க முடியல்ல. பாக்க முடியல்ல மாடம்மா. ஒனக்கு நாலு வாளி வரட்டும்னு வீட்டுக் கத்தியத்தான் சுட்டேன். அந்தக் கறுத்த வாளியில கத்தி எறங்கல்ல. அதான்..."

"அதான் என் இரும்ப எடுத்தேராக்கும்."

அவ்வளவுதான் அவ சொன்னா. ஒரு ஏச்சு இல்ல. நான் அவளோட ஏச்சுக்காகக் காத்து நின்னேன், கேட்டேளா, அவ வாயி எனக்குத் தெரியும். வரவே இல்ல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

இப்போ பழவங்காடியில ஒரு நடைபாதை ஓரமா அடுப்பப் போட்டு இருக்கா. அங்க அவள யாருக்கும் தெரியாது. கூட்டம் வந்துபோற எடம், வேலை ஒரு மாதிரி ஓடுது. நான் போனா டீ வாங்கித் தருவா, அவ டம்ளர மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பா. இரும்போட மொனைய அரத்தால ராவி நேராக்கிட்டா. மணி விழாது. "எதுக்குட்டி ராவினே, ஒன் அடையாளமுல்லா?"ன்னு கேட்டேன். அவ அடுத்த துண்டச் சட்டித் தண்ணியில போட்டு மெதக்குதான்னு பாத்தா.

தளவாய் அண்ணன்தான் ஒரு நாளு எங்கிட்டச் சொன்னாரு. சோறு வடிச்சுத் தாறா, நடுவுக்கு எண்ணெ தேச்சு விடுதா, ஒரு கொறையும் இல்லயாம். ராத்திரி படுக்கப் போகும்போது மட்டும் அந்த இரும்ப ஒரு துணியில சுத்தித் தன் தலைக்கடியில வச்சுக்கிடுதாளாம்.