எடுத்தவள்

தையல்காரம்மாவுக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். துணி வெட்டுவதால் வந்தது என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயால் வந்தது என்று தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் பணம் கட்டிய ஒரே இடம் சலவைக்கடை அண்ணனின் சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு ஐயாயிரம், ஒரு லட்சத்து ஏலச் சீட்டு. அவசரக்காரர் தொகையைத் தள்ளிக் கேட்பார். அதிகம் தள்ளுபவருக்குச் சீட்டு. தள்ளியதில் அண்ணனின் கமிஷன் ஐயாயிரம் போக மிச்சம் இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும்.

அவள் தையல் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து, மாதக் கடைசிக்குள் அறுபதாயிரம் கூடுதல் முன்பணம் தராவிட்டால் கடையைக் காலி செய்யச் சொன்னார். பதினொரு வருடத்து வாடிக்கை அந்த வாசலில்தான் இருக்கிறது.

நேராக அண்ணனிடம் போனாள்.

"இந்த மாசம் சீட்டு எனக்கு வேணும்ணே."

"அவசரப்படாதம்மா. இப்ப எடுக்கணும்னா இருபத்தெட்டாயிரமாவது தள்ளணும். அவ்வளவும் தண்டம். கடைசி வரைக்கும் இரு, முழுசா வரும். அவசரத்துக்கு என் மச்சான் தண்டல் கொடுக்கிறான். எழுபதாயிரத்துக்கு அறுபத்து மூணு கையில. தினம் எழுநூறு, நூறு நாள். ஏழாயிரத்தோட போச்சு. இருபத்தெட்டு பெருசா, ஏழு பெருசா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உதவிக்கு இருந்த தங்கச்சிகூட, "அண்ணன் சொல்றது நியாயம்தானேக்கா," என்றாள்.

கத்தரி வெட்டுமேசையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். தண்டல் பணம் நூறு நாளும் முழுசாகக் கையில் இருக்காது. தினமும் திருப்புவதால் பாதி வழியில் பாதி போய்விடும். ஆக ஏழாயிரம் என்பது சராசரியாக முப்பத்தோராயிரத்துச் சொச்சத்துக்கு மூன்று மாத வட்டி. அதே வேகத்தில் ஒரு வருடம் ஓடினால் நூற்றுக்கு எண்பது. போகட்டும், தினம் எழுநூறு எங்கிருந்து வரும்? அவள் தைத்துச் சம்பாதிப்பதே அவ்வளவுதான்.

சீட்டிலோ இருபத்தெட்டும் தண்டம் இல்லை. இதுவரை மற்றவர்கள் தள்ளியதில் அவளுக்கும் பங்கு வந்திருக்கிறது, இனியும் வரும். எல்லாம் கூட்டிக் கழித்தால் பதினோராயிரம்போல நஷ்டம், அதுவும் இருபது மாதத்தில் பரவியது.

"சரி, அதை விடு," என்றாள் தங்கச்சியிடம். "யார் எடுத்தாலும் அவருக்கு ஐயாயிரம் கமிஷன் வந்துடும். நான் எடுக்கக்கூடாதுன்னு அவருக்கு என்ன அக்கறை?"

தங்கச்சி பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஏலத்தன்று இஸ்திரி அறையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கத்தரி இருபத்தெட்டு தள்ளினாள், மேலே யாரும் போகவில்லை. எழுபத்திரண்டாயிரம் அவளுக்கு. கழிவு போக ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூற்றைம்பது கட்ட வேண்டும்.

"அடுத்த வாரம் வந்து வாங்கிக்கம்மா," என்றார் அண்ணன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் இன்னும் சீட்டு எடுக்காதவர்கள்.

"எடுத்த எட்டு பேர் எங்கண்ணே?"

"வருவாங்க. எல்லாம் தெரிஞ்சவங்கதான்."

"எத்தனை மாசமா கட்டல? கொடுக்கப் பணம் இல்லைன்னுதான் என்னை எடுக்கவேணாம்னீங்களா?"

அண்ணன் முகம் செத்துப்போனது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க இருக்கிற பன்னெண்டு பேர் பணத்தையும் இப்பவே மேசையில வைங்க. மீதிக்கு நீங்க பொறுப்பு. கமிஷன் அதுக்குத்தானே வாங்குறீங்க?"

நாற்பத்தாறாயிரத்து இருநூறு மேசைக்கு வந்தது. மீதி இருபத்தைந்தாயிரத்து எண்ணூறை அண்ணன் தன் மச்சானிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். தங்கச்சி ஜாமீன் போட, மீதி மாதத் தவணைகளைக் கட்டுவதாகக் கத்தரி பிராமிசரி நோட்டில் கையெழுத்திட்டாள்.

"என்னையே நம்பலையாம்மா?" என்றார் அவர், உண்மையிலேயே மனம் நொந்து.

"நம்பினேண்ணே. அதனாலதான் எட்டு மாசமா ஒரு வார்த்தை கேக்கல."

மீதிப் பதினொரு பேரும் அங்கேயே முடிவு செய்தார்கள்: இனி தவணை அண்ணன் கையில் இல்லை, ஏலம் எடுத்தவர் கையில், எல்லார் முன்னாலும். எடுத்தவர்கள் வீட்டுக்குக் கூட்டமாகப் போய்க் கேட்பதாகவும் பேசிக்கொண்டார்கள். போனார்கள். ஒருவர் வீடு மாறியிருந்தார், ஒருவர் சண்டைக்கு வந்தார், மற்றவர்கள் அடுத்த மாதம் என்றார்கள்.

கடை தங்கியது. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும், தூங்கவில்லை. அந்தப் பதினொரு பேரில் கடைசி ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"உன் பணத்தை நீ வாங்கிட்டேல்லக்கா, இனி ஏன் அலட்டிக்கிற?" என்றாள் தங்கச்சி.

"இதுவரைக்கும் நான் கட்டினது முப்பத்தஞ்சாயிரம்போலத்தான். மீதி அவங்களோடது."

அடுத்த ஏலத்துக்கு எல்லாருக்கும் முன்னால் தவணைப் பணத்தோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சீட்டு எடுத்தவர்கள் இப்போது ஒன்பது பேர். அவர்களில் வந்தவள் அவள் ஒருத்திதான்.